காருக்குள் அறுபடும் பேச்சு

கைத்தொலைபேசியைக் காரின் இசைப்பெட்டியோடு இணைத்து வைத்திருப்போர் பலரிடமிருந்து ஒரே வகையான முறைப்பாட்டைக் கேட்கிறோம். பாட்டு ஒரு குறையுமின்றிப் பாடுகிறது. ஆனால் யாரேனும் அழைத்தால் பேச்சு நடுவில் அறுந்து போகிறது என்பதே அந்த முறைப்பாடு. பாட்டு நன்றாக வருவதால் இணைப்பிற் பிழையில்லை, தொலைபேசிக் கம்பனியின் பிழையாகவே இருக்க வேண்டும் என்று ஒரு சாரார் கூறுவர். பெட்டி பழையது, மாற்றியே ஆகவேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு முடிபுகளும் சில வேளைகளிற் சரியாகவும் அமையலாம். ஆயினும், பாட்டு நன்றாக வருகிறது என்ற ஒன்றையே சான்றாகக் கொண்டு இணைப்பிற் பிழையில்லை என்று தீர்ப்பது தவறு. அது ஏன் தவறு என்பதையும், பேச்சு எவ்விடத்தில் அறுபடுகிறது என்பதைச் சாரதி தாமே எவ்வாறு கண்டுகொள்ளலாம் என்பதையும் இன்று எடுத்துக் கூற விரும்புகிறேன்.

காரில் இருந்தவாறு ஒருவர் பேசும்போது அவருடைய குரல் இரண்டு பாலங்களைக் கடந்து செல்கிறது. முதலாவது, காரிலிருந்து கைத்தொலைபேசிக்குச் செல்லும் சிறு பாலம். இதன் நீளம் ஒரு முழமாகவோ இரண்டு முழமாகவோ இருக்கும். இரண்டாவது, கைத்தொலைபேசியிலிருந்து எங்கோ நிற்கும் கோபுரத்துக்குச் செல்லும் பெரும் பாலம். இது சில கிலோமீற்றர் தூரமாகவும் இருக்கலாம். இரண்டில் எது உடைந்தாலும் காருக்குள் இருப்பவருக்குக் கேட்பது ஒன்றே: மௌனம். ஆகவே, எந்தப் பாலம் உடைந்தது என்று அறியாமல் மருந்து செய்யப் புகுவது, நோய் எதுவென்று அறியாமல் குளிகை விழுங்குவதை ஒக்கும்.

சிறு பாலத்துக்குப் பெயர் புளூடூத். நீலப்பல் என்று பொருள்படும் இந்த விநோதமான பெயர், பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் மன்னனுடைய பட்டப்பெயர். பிரிந்து கிடந்த மக்களை அவன் ஒன்றுசேர்த்தான் என்பதால், பிரிந்து கிடக்கும் கருவிகளை ஒன்றுசேர்க்கும் இம்முறைக்கும் அப்பெயரை 1990களில் இட்டனர். பெட்டிகளிலும் தொலைபேசிகளிலும் காணப்படும் அந்தக் கோணலான நீல அடையாளம், அம்மன்னனின் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டைப் பழைய வடபுல எழுத்து முறையிற் பொறித்து ஒன்றாக்கியதே.

முதலில் இணைக்கும் முறையைப் பார்ப்போம். நம் நாட்டு வீதிகளில் ஓடும் கார்களிற் பல யப்பானில் ஓடியபின் இங்கு வந்தவை. அவற்றிலுள்ள பெட்டிகள் யப்பானிய மொழியிலேயே பேசும். இதனால் இணைப்பு வேலையைக் கடைக்காரர் ஒருவரிடம் ஒருமுறை செய்வித்துவிட்டு, பின்னர் அந்தப் பக்கமே தலைவைத்துப் பாராதவர் பலர். உண்மையில் நான்கு சொற்களை அடையாளங் கண்டுகொண்டால் போதும். இப்பேச்சை அச்சிற் காண்போருக்காக அவற்றை இங்கே தருகிறேன். அமைப்புகள் என்பதற்கு 設定, பதிவு செய்தல் என்பதற்கு 登録, தொடுத்தல் என்பதற்கு 接続, நீக்குதல் என்பதற்கு 削除. புளூடூத் என்ற சொல் மட்டும் யப்பானியப் பெட்டியிலும் Bluetooth என்று ஆங்கில எழுத்திலேயே பெரும்பாலும் தோன்றும்.

வண்டியை நிறுத்திக் கைத்தடையை இட்ட பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும். இது பாதுகாப்புக்காக மட்டும் சொல்வதன்று. வண்டி ஓடும்போது இந்தப் பக்கங்களைத் திறக்கவொட்டாமல் பூட்டிவைக்கும் பெட்டிகள் பல உள. அமைப்புகளிற் புளூடூத்தைத் தேர்ந்து, பதிவு என்ற சொல்லைத் தொட்டால், பெட்டி தன்னைத் தேடுவோருக்குக் காட்சி கொடுக்கத் தொடங்கும். அவ்வேளை கைத்தொலைபேசியிற் புளூடூத் பக்கத்தைத் திறந்தால், அங்கே பெட்டியின் பெயர் தோன்றும். அதைத் தொட்டதும் இரு திரைகளிலும் ஆறிலக்க எண் ஒன்று வரும். இரண்டும் ஒன்றாக இருப்பின் இரு பக்கமும் சம்மதம் தெரிவிக்க வேண்டும். மிகப் பழைய பெட்டிகள் ஆறிலக்க எண்ணைக் காட்டாமல், நாலிலக்க இரகசிய எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் 0000 அல்லது 1234 ஆக இருக்கும்.

இந்தச் சம்மதத்தின்போது நிகழ்வது யாது? இரு கருவிகளும் தமக்குள் ஒரு திறவுகோலை உண்டாக்கி, ஆளுக்கொரு பிரதியாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்த நாள் வண்டியைக் கிளப்பியதும் கேள்வியின்றி இணைவது அத்திறவுகோலின் உதவியாலேயே. ஒரு பக்கத்துப் பிரதி அழிந்துவிட்டால், மற்றப் பக்கம் பழைய திறவுகோலையே நீட்டிக்கொண்டு நிற்கும். இணைப்பு ஏற்படாது, அல்லது ஏற்பட்டு ஏற்பட்டு விடும். கார் மின்கலத்தைக் கழற்றி மாற்றியபின் சில பெட்டிகளில் இவ்வாறு நேர்வதுண்டு. பெட்டியின் நினைவில் பெரும்பாலும் ஐந்து தொலைபேசிகளுக்குத்தான் இடமிருக்கும். அவ்விடம் நிரம்பினாலும் இத்தகைய குழப்பம் நேரலாம். யப்பானில் அக்காரை ஓட்டிய யாரோ ஒருவருடைய தொலைபேசியின் பெயர் இன்னும் அங்கே குடியிருப்பதைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. பழைய பெயர்களை நீக்குவது நல்லது. புதிதாக இணைப்பதாயின் பெட்டியில் மட்டுமன்றித் தொலைபேசியிலும் நீக்கவேண்டும். தொலைபேசியின் திரையில் அதற்குரிய சொல் Forget அல்லது Unpair என்றிருக்கும். ஒரு பக்கம் மட்டும் நீக்கிவிட்டு, "நீக்கிப் பார்த்தேன், பயனில்லை" என்று சொல்வோரே பெரும்பாலோர்.

இணைப்பு முடிந்தபின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இசையும் பேச்சும் ஒரே இணைப்பில் வந்தாலும், இரண்டும் தனித்தனி அனுமதி பெற்று வருபவை. அன்ட்ரொயிட் வகைத் தொலைபேசியில், இணைந்த பெட்டியின் பெயருக்கு அருகிலுள்ள பற்சக்கர அடையாளத்தைத் தொட்டால், Calls அல்லது Phone calls என்று ஒன்றும், Media audio அல்லது Audio என்று வேறொன்றும் காணப்படும். முதலாவது மூடிக்கிடந்தால் பாட்டு இனிது கேட்கும். அழைப்பு வந்ததும் காரின் ஒலிபெருக்கி ஊமையாகி, குரல் சட்டைப்பையிலிருக்கும் தொலைபேசிக்குள்ளே மெல்லப் பேசிக்கொண்டிருக்கும். ஐபோனில் Call Audio Routing என்னும் பக்கத்தில், அழைப்பின் ஒலி எங்கே செல்லவேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கும். அது Speaker என்றிருந்தால் குரல் காரை நாடாது. கையில் ஒரு மணிக்கூடோ, காதிற் செருகும் கம்பியில்லாக் கருவியோ அதே தொலைபேசியுடன் இணைந்திருந்தாலும், குரல் அங்கே தாவிவிடுவதுண்டு. இவையெல்லாம் ஒரு நிமிடத்திற் சரிசெய்யக்கூடியவை. ஆகவே இவற்றில் அதிகம் நில்லாமல், கடினமான பகுதிக்கு வருவோம்.

அனுமதிகள் எல்லாம் சரி, திறவுகோலும் புதிது, பாட்டும் தெளிவு, ஆயினும் பேச்சு மாத்திரம் துண்டுதுண்டாக வருகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது?

புளூடூத் அலைகள் ஏறத்தாழ 2400 மெகாஹேர்ட்ஸ் அளவிலுள்ள ஓர் அலைவரிசைப் பட்டையில் இயங்குகின்றன. இப்பட்டை எவருக்கும் தனியுரிமையானதன்று. வீட்டிலுள்ள வைபை இணைப்பிற் பெரும்பகுதியும், உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே பட்டையிலேதான் வேலை செய்கின்றன. சந்தைக் கூட்டத்தில் இருவர் பேசிக்கொள்வதைப் போன்றது இது. ஆகவே புளூடூத் ஒரே இடத்தில் நின்று பேசுவதில்லை. இப்பட்டையை 79 சிறு பாதைகளாக வகுத்து, செக்கனுக்கு 1600 தடவை பாதை மாறி மாறிப் பேசுகிறது. ஒரு பாதையில் இரைச்சல் இருந்தால் அந்தத் துணுக்கு மட்டும் கெடும். அடுத்த துணுக்கு வேறு பாதையிற் போய்விடும். கெட்ட பாதைகளை இனங்கண்டு ஒதுக்கும் ஆற்றலும் 2003 ஆம் ஆண்டிலிருந்து இதற்கு உண்டு.

இனி, பாட்டையும் பேச்சையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பாட்டை அனுப்பும்போது, பெட்டி சிறிதளவு இசையை முன்கூட்டியே வாங்கித் தன்னிடம் சேர்த்து வைத்துக்கொண்டே பாடுகிறது. ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கோ, அதற்குச் சற்று மேலோ கையிருப்பாக இருக்கும். ஒரு துணுக்கு வழியிற் கெட்டால், அக்கையிருப்புத் தீருமுன் அதைத் திரும்பவும் கேட்டு வாங்கிக்கொள்ள நேரமுண்டு. கேட்பவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. நெற்பானையில் அரிசி இருக்கும் வீட்டில், கடை ஒருநாள் பூட்டியிருந்தாலும் சோறு வேகுமல்லவா? அதுபோலவே.

உரையாடலுக்கு அத்தகைய பானை இல்லை. ஒருவர் சொன்னது மற்றவரை உடனே அடையவேண்டும். அரைச் செக்கன் தாமதித்தாலும் இருவரும் ஒரே நேரத்தில் பேசத்தொடங்கி, ஒருவர் பேச்சை மற்றவர் மிதித்து விடுவர். ஆகவே பேச்சை அனுப்பும் முறையிற் கையிருப்பு வைக்கும் வழக்கமில்லை. குரல் ஒரு செக்கனில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு பொதிகளாக வெட்டப்பட்டு, வெட்டிய உடனே அனுப்பப்படுகிறது. ஒரு பொதி கெட்டால், புதிய கருவிகளில் அதை ஓரிரு முறை மட்டும் திரும்ப அனுப்ப இடமுண்டு. பழையவற்றில் அதுவும் இல்லை. அதற்குள்ளும் வராவிடின் அவ்விடம் வெறுமையாகவே போகும். ஆகவே, பாட்டு இடையறாது கேட்கும் அதே இணைப்பில், அதே நேரத்தில், பேச்சுக் கொத்துக்கொத்தாக உதிரலாம். பாட்டு நன்றாயிருக்கிறது என்பது இணைப்பு நலமென்பதற்குச் சான்றாகாது என்று முதலிற் கூறியது இதனாலேதான்.

பேச்சு அறுந்தது சிறு பாலத்திலா, பெரும் பாலத்திலா என்பதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வீட்டிலிருக்கும் ஒருவருக்கு அழைப்பை எடுத்து, அவரை ஒன்று முதல் ஐம்பது வரை ஒரே சீராக எண்ணச் சொல்லவேண்டும். எண் விடுபடத் தொடங்கியதும் தொலைபேசித் திரையைப் பார்க்க வேண்டும். பேசிய நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறதா? ஓடுகிறதாயின் அழைப்பு உயிரோடு இருக்கிறது. உடனே அத்திரையிலே ஒலியைக் காரிலிருந்து தொலைபேசிக்கு மாற்றிக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். எண்கள் அங்கே ஒன்றும் விடுபடாமல் தெளிவாக வந்தால், குற்றம் சிறு பாலத்தில். அங்கேயும் அதே விதமாக உதிர்ந்தால், அல்லது கடிகாரமே நின்று அழைப்பு முடிந்துவிட்டால், குற்றம் பெரும் பாலத்தில். காரையோ பெட்டியையோ குறைகூறிப் பயனில்லை. எண்ணச் சொல்வதற்குக் காரணமுண்டு. சாதாரணப் பேச்சில் ஒரு சொல் விடுபட்டதா, பேசியவரே நிறுத்தினாரா என்பது தெரியாது. எண்ணிக்கையில் இருபத்திரண்டுக்குப் பின் இருபத்தைந்து வந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

இச்சோதனை எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எமது பாடசாலைக் கணித ஆசிரியர் ஒருவர் யப்பானிலிருந்து வந்த சிறிய கார் ஒன்றை வைத்திருக்கிறார். நோயுற்ற தாயார் வீட்டிலிருப்பதால், வழியில் வரும் அழைப்பு அவருக்கு விளையாட்டுக் காரியமன்று. ஒருநாள் மருந்தின் அளவைப் பற்றி வைத்தியசாலையிலிருந்து பேசியவர் சொன்ன எண், பாதியிற் கெட்டு வேறொன்றாகக் கேட்டுவிட்டது. நல்லவேளையாக அவர் வீடு சென்று திரும்ப விசாரித்தறிந்தார். கடையொன்றில் காட்டியபோது, பெட்டியை மாற்றவேண்டும் என்று ஒரு பெருந்தொகை சொன்னார்களாம். இணைப்பை இரு பக்கமும் நீக்கிப் புதிதாகவும் இணைத்துப் பார்த்திருந்தார், மாற்றமில்லை.

பாடசாலை முற்றத்தில் காரை நிறுத்தி, இருவரும் எண்ணும் சோதனையைச் செய்தோம். தொலைபேசி வழக்கம்போல அவருடைய காற்சட்டையின் பின்பையில் இருந்தது. ஐம்பதில் ஒன்பது எண்கள் விடுபட்டன. கடிகாரம் ஓடியது. ஒலியைத் தொலைபேசிக்கு மாற்றியதும் ஓர் எண்கூடத் தவறவில்லை. ஆகவே சிறு பாலத்திலே குற்றம் என்பது உறுதியாயிற்று. பின்பு தொலைபேசியைப் பையிலிருந்து எடுத்து, பெட்டிக்கு நேரேயுள்ள தட்டில் வைத்து மீண்டும் எண்ணச் செய்தோம். விடுபட்டவை நான்காகக் குறைந்தன. இதற்குக் காரணம் மனித உடம்பே. உடம்பிற் பெரும்பகுதி நீர். நீர் இவ்வலைகளை உறிஞ்சும் இயல்புடையது. பின்பையில் இருக்கும் தொலைபேசிக்கும் பெட்டிக்கும் இடையே சாரதியின் உடல் முழுவதும் ஈரச்சுவராக நிற்கிறது.

ஆயினும் நான்கு எண்கள் இன்னும் விடுபட்டன. இனி, அச்சிறு அறைக்குள் அதே பட்டையிற் கூச்சலிடும் வேறு யார் இருக்கிறார் என்று தேடினோம். கண்ணாடிக்குப் பின்னால், வீதியைப் படம்பிடிக்கும் சிறு கமரா ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் பொருத்தியதாம். தொல்லை தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே என்று அப்பொழுதுதான் அவர் நினைவுகூர்ந்தார். பிடித்த படத்தைத் தொலைபேசிக்கு அனுப்புவதற்கென்று அக்கமரா தனக்கே ஒரு வைபை அலையை ஓயாது பரப்பிக்கொண்டிருந்தது. படத்தை எடுத்துப் பார்க்கும்போது அன்றி வேறு நேரத்தில் அது தேவையில்லை. கமராவை நிறுத்தாமல், அதன் வைபையை மட்டும் அணைத்தோம். ஐம்பது எண்களும் வந்தன. கணித ஆசிரியரல்லவா, அத்துடன் அமையவில்லை. வைபையைத் திரும்ப இட்டார், எண்கள் உதிர்ந்தன. அணைத்தார், முழுமையாக வந்தன. ஒரு மாற்றத்தைச் செய்து குறை நீங்கினால் மட்டும் போதாது; அம்மாற்றத்தை நீக்கினால் குறை திரும்பவும் வரவேண்டும். அப்பொழுதே காரணம் அதுதான் என்று துணியலாம். மாற்றச் சொன்ன பெட்டி இன்றும் அக்காரில் இருக்கிறது.

கமரா இல்லாத கார்களில் இதே தொல்லையைத் தருவது பெரும்பாலும் தொலைபேசியேதான். பின்னிருக்கையிலுள்ள பிள்ளைகள் படம் பார்ப்பதற்காகத் தகப்பனார் தமது தொலைபேசியின் இணையத்தை வைபை மூலம் பகிர்ந்து கொடுப்பார். அப்பொழுது ஒரே தொலைபேசி ஒரே பட்டையில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. நேரம் பங்கிடப்படும்போது பொறுத்திருக்க முடியாத பேச்சே முதலில் நலிகிறது. புதிய தொலைபேசிகள் சிலவற்றில் இப்பகிர்வை 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் வேறு பட்டைக்கு மாற்றலாம். முடியாவிடின், அழைப்பு முடியும் வரை பிள்ளைகள் வெளியே பார்த்து வரட்டும்.

அதே ஆசிரியருக்கு இன்னுமொரு முறைப்பாடு எஞ்சியிருந்தது. அவர் வரும் வழியில் வயல்வெளி நடுவே ஓரிடத்தில், கமராவின் வைபை அணைந்திருந்தபோதும் அழைப்பு அறுந்தது. அங்கே கடிகாரமே நின்றுவிடுகிறது. தொலைபேசியைக் காதில் வைத்தாலும் நிற்கிறது. இது பெரும் பாலத்தின் குற்றம். ஓடும் காரிலுள்ள தொலைபேசியை ஒரு கோபுரம் மற்றொன்றிடம் கையளித்துக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டுக்குமிடையே அலை நலிந்த இடமிருப்பின், அங்கே கையளிப்புத் தவறி அழைப்பு விழுந்துவிடும். இதற்குப் புளூடூத்தில் மருந்தில்லை. எந்தக் கட்டைக்கும் எந்தக் கட்டைக்கும் இடையே என்று குறித்துக் கம்பனிக்கு அறிவிக்கலாம். அதுவரை அவ்விடத்தைக் கடந்தபின் அழைப்பை எடுக்கலாம்.

வேறொரு வகைக் குறையும் உண்டு. நமக்கு எதிரிலுள்ளவர் குரல் தெளிவாகக் கேட்கும். அவரோ, "கேட்கவில்லை, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கிறது" என்பார். இங்கே அறுந்தது எந்தப் பாலமும் அன்று, ஒலிவாங்கியையே பார்க்கவேண்டும். காருடன் வந்த பெட்டியாயின், ஒலிவாங்கி சாரதியின் தலைக்கு மேலே கூரையிலோ சுக்கானின் அடியிலோ சிறு துளைகளுக்குப் பின்னால் இருக்கும். பின்னர் பொருத்திய பெட்டியாயின், மெல்லிய கம்பியொன்றின் நுனியிலே கடலையளவில் ஒலிவாங்கி தனியாக வரும். அதைக் கூரையோரமாக ஏற்றிச் செல்வதற்கு நேரமெடுக்கும் என்று, பெட்டிக்குப் பின்னாலே சுருட்டி விட்டுவிடும் வேலையாட்கள் உண்டு. குளிர்காற்று வரும் துவாரத்துக்கு நேரே ஒட்டிவிடுபவரும் உண்டு. இருபக்கமும் தெளிவாயிருந்த பேச்சு, குளிர்காற்றை விரைவாக்கியதும் கெட்டுப்போகுமாயின், காரணம் இதுவென அறியலாம். ஒலிவாங்கியைச் சாரதியின் வாய்க்கு ஒரு முழத் தூரத்தில், காற்றுப்படாத இடத்தில் வைத்தாற் போதும்.

இறுதியாக, புளூடூத்தே இல்லாத பழைய கார்களைப் பற்றி ஒரு சொல். சிகரெட் கொளுத்தும் துவாரத்திற் செருகும் சிறு கருவியொன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. இது தொலைபேசியின் ஒலியைப் புளூடூத்தால் வாங்கி, ஒரு சிறு வானொலி நிலையம் போலப் பண்பலையில் பரப்பும். காரின் ரேடியோவை அதே எண்ணுக்குத் திருப்பிக் கேட்கவேண்டும். இங்கே பாலங்கள் இரண்டல்ல, மூன்று. மூன்றாவது பாலம் எங்கே உடையும் என்பதை வானொலி கேட்கும் நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. உண்மையான நிலையமொன்று ஒலிபரப்பும் எண்ணுக்கு அருகே இக்கருவியை வைத்தால், ஊர்விட்டு ஊர் செல்லும்போது நிலையத்தின் குரல் இதன் மெலிந்த குரலை விழுங்கிவிடும். நிலையம் எதுவும் கேளாத எண்ணொன்றைப் பண்பலையின் மேல்முனையிலோ கீழ்முனையிலோ தேடி வைக்கவேண்டும். தொலைதூரப் பயணமாயின் வழியில் அதனை மாற்றவும் நேரும். பாட்டுக்கு இக்கருவி போதும். பேச்சுக்கு இதன் ஒலிவாங்கி கியர்த் தடிக்கு அருகிலே, இயந்திர இரைச்சலின் நடுவிலே கிடப்பதால், நகருக்குள் மெதுவாகச் செல்லும்போது மட்டுமே பயன்படும்.